இன்ஃபோசிஸ் வாங்கப் போய் ஒரு வார லீவு போச்சு

சிங்கப்பூர்ல வேலை பாக்குறேன், இன்ஃபோசிஸ் ஷேர் வாங்கணும்னு ஆசை. மும்பைல என்எஸ்இ-லயும் இருக்கு, நியூயார்க்ல அந்த ஷேருக்கு ஈடா டாலர்ல விக்கிற ஏடிஆராவும் இருக்கு (ஒரு ஏடிஆர்னா ஒரு ஷேர்). நம்ம ஊர் கம்பெனி, நம்ம ஊர்லயே வாங்குவோம்னு லீவு போட்டு சென்னைக்குப் போனேன், என்ஆர்ஐ டீமேட் திறக்க.

பாஸ்போர்ட், பான், எல்லாம் ஓகே. வெளிநாட்டு அட்ரஸ் ப்ரூஃப்ல மாட்டுச்சு. நான் குடுத்தது பேங்க்ல இருந்து மெயில்ல வந்த ஸ்டேட்மென்ட் பிரிண்ட். கவுன்டர்ல இருந்தவர் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "ஒரிஜினல் எங்க சார்?"னாரு. மெயில்ல வந்ததுதாங்க ஒரிஜினல்னு சொன்னா, "அப்போ அங்க இந்திய ஹைகமிஷன்ல அட்டெஸ்ட் பண்ணி கூரியர்ல அனுப்பிடுங்க"ன்னுட்டாரு. லீவு முடிஞ்சுது. போறவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே, இருக்கிற நாட்டுலயே அட்டெஸ்ட் பண்ணி எடுத்துட்டுப் போயிடுங்க.

கடுப்புல திரும்பி வந்து ஏடிஆர் பக்கம் போனேன், அக்கவுன்ட் போன்லயே முடிஞ்சுது. டாலர்ல வாங்குறோம், ரூபாய் விழுந்தா நமக்கென்னன்னு நெனச்சேன் பாருங்க, அதான் முட்டாள்தனம். கணக்கு போட்டுப் பாத்தேன்: ஷேர் 1500 ரூபாய், டாலர் 85 ரூபாய்னா ஏடிஆர் சுமார் 17.65 டாலர். ஷேர் 1650 ஆகுது, டாலரும் 89.25 ஆகுதுன்னா ஏடிஆர் 18.49 தான். ஊர்ல 10 சதவீத லாபம், என் கைல 5 கூட இல்ல. மும்பைல வாங்கி பணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாலும் இதே அடிதான். சந்தையில ஏடிஆர் விலை இந்தக் கணக்கை விட்டு கொஞ்சம் ஏறி இறங்கி நிக்கும், அதனால கணக்கு போடாம, கெடைக்கிற விலைக்கே வாங்குற மார்க்கெட் ஆர்டர் போடாதீங்க.

நிஜ வித்தியாசம் டாக்ஸ்ல. என்எஸ்இ-ல ஒரு வருஷத்துக்கு மேல வச்சு வித்தா 12.5 சதவீதம், அதுக்குள்ள வித்தா 20, மேல செஸ் வேற. என்ஆர்ஐன்னா விக்கும்போதே டிடிஎஸ் பிடிச்சுடுவாங்க, அதிகமாப் பிடிச்சா ரிட்டர்ன் போட்டுத்தான் திருப்பி வாங்கணும். ஏடிஆரை நியூயார்க்ல வித்தா, வாங்குறவரும் இந்தியாவுக்கு வெளிய இருக்கிறவர்னா இந்தியாவுல கேபிடல் கெயின்ஸ் டாக்ஸ் இல்ல. அமெரிக்காவும் என்னை மாதிரி வெளிநாட்டுக்காரன்கிட்ட பொதுவா கேக்கறதில்ல, சிங்கப்பூர்லயும் அதையே தொழிலாப் பண்ணாத வரைக்கும் இல்ல. டிவிடெண்ட்ல மட்டும் தப்பிக்க முடியாது, எங்க வாங்கினாலும் இந்தியா பிடிச்சுக்கிட்டுதான் தரும், ஏடிஆர்ல சின்னதா ஒரு ஃபீஸும் போகும்.

நேரம்தான் இன்னொரு கூத்து. என்எஸ்இ இங்க 11:45-ல இருந்து 6 மணி வரை, மீட்டிங் நடுவுல திருட்டுத்தனமாப் பாக்கணும். நியூயார்க் ராத்திரி 9:30-க்கு. நவம்பர்ல ஒரு நாள் 9:30-க்கு உக்காந்தா ஆர்டர் அசையவே இல்ல, ஆப் செத்துப்போச்சுன்னு ரெண்டு தடவை அழிச்சு இறக்கினேன். அங்க குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை மாத்திட்டாங்களாம், அது முடியுற வரைக்கும் 10:30.

இப்போ இன்ஃபோசிஸ் ஏடிஆர்லதான் இருக்கு. ஆனா ஏடிஆர் இருக்கிற இந்திய கம்பெனி விரல் விட்டு எண்ணுற அளவுதான், மத்ததுக்கு மும்பைதான் போகணும். அதான் அட்டெஸ்ட் பண்ணின ஸ்டேட்மென்ட் போன வாரம் கூரியர்ல போயிருக்கு.