அலுவல் கடிதத்தில் கும்பிடு எத்தனை முறை?

குரூப் 2 முதன்மைத் தேர்வின் தமிழ்த் தகுதித்தாளுக்குப் படிப்பவர்கள் கட்டுரைக்கும் மொழிபெயர்ப்புக்கும் மெனக்கெடும் அளவுக்கு அலுவல் கடிதத்துக்கு மெனக்கெடுவதில்லை. "பத்தாம் வகுப்பில் எழுதியதுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். வடிவம் என்னவோ அதேதான். ஆனால் உள்ளே எழுதும் மொழி பத்தாம் வகுப்பில் வந்ததில்லை. தாத்தா காலத்து மனுவிலிருந்தும், தாலுகா அலுவலக வாசலில் எழுதிக் கொடுப்பவர்களிடமிருந்தும் காதில் விழுந்து ஒட்டிக்கொண்டது அது.

வண்ணாரப்பேட்டையில் நாங்கள் சேர்ந்து படித்த குழுவில் வாரம் ஒரு கடிதம் எழுதி மாற்றிப் படித்துக்கொள்வோம். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர் திருத்திக் கொடுப்பார். கொருக்குப்பேட்டையில் பாதாளச் சாக்கடை அடைத்துக்கொண்டு தெருவில் கழிவுநீர் ஓடுவது பற்றிக் குடிநீர் வாரியத்தின் பகுதிப் பொறியாளருக்கு எழுத வேண்டும் என்பது ஒரு வாரத்துத் தலைப்பு. எங்களில் ஒரு பெண் எழுதிய தொடக்கம் இது:

"பெருமதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய உயர்திரு பகுதிப் பொறியாளர் ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு, கொருக்குப்பேட்டையில் வசித்து வரும் நான் மிகவும் தாழ்மையுடன் வணங்கி எழுதிக்கொள்ளும் விண்ணப்பம் யாதெனில், எங்கள் பகுதியில் கழிவுநீர்ப் பிரச்சினை உள்ளது என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்."

சார் படித்துவிட்டு, "கும்பிட்டது போதும்மா, இன்னா வேணும் உனக்கு, அதச் சொல்லு" என்றார். சிரித்துவிட்டோம். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. முப்பது சொல்லுக்கு எழுதியும் எந்தத் தெரு, எத்தனை நாளாக, எங்கே அடைப்பு என்று ஒன்றுமே வரவில்லை.

வெட்டுவதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வாக்கியத்தில் மரியாதை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறது. பெருமதிப்பு, மரியாதை, உயர்திரு, ஐயா, அவர்கள், மேலான சமூகம் ஆகிய ஆறும் ஒரே ஆளைத்தான் உயர்த்துகின்றன. அடுத்து, தாழ்மை, வணங்கி, விண்ணப்பம் என்று எழுதுகிறவர் மூன்று முறை குனிகிறார். ஒரு வேலைக்கு ஒரு சொல் போதும் என்று வைத்துக்கொண்டால், எதை நீக்கலாம் என்பது தானாகவே தெரியும்.

பெறுநர் பகுதியில் பதவிப் பெயரோடு 'அவர்கள்' இருந்தால் உயர்த்தும் வேலை முடிந்தது. 'உயர்திரு' சேர்த்தால் தவறில்லை, சேர்க்காவிட்டாலும் குறையில்லை. 'மாண்புமிகு' மட்டும் வேண்டாம். அது அமைச்சர், நீதிபதி போன்றவர்களுக்கு உரியது. பொறியாளருக்குப் போட்டால் மரியாதை அதிகமாகிவிடாது, எழுதியவருக்கு மரபு தெரியவில்லை என்றுதான் திருத்துகிறவர் நினைப்பார். விளி 'ஐயா,' என்ற ஒற்றைச் சொல். அதிகாரி ஆணா பெண்ணா என்று கேள்வியில் இல்லையென்றால் 'ஐயா / அம்மையீர்,' என்று எழுதலாம். அதற்குக் கீழே பொருள் வரி. அப்புறம் 'வணக்கம்.' என்று ஒரு முறை. உடனே விஷயம்:

"வணக்கம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை ஒட்டிய எங்கள் தெருவில் பத்து நாள்களாகப் பாதாளச் சாக்கடை அடைத்து, கழிவுநீர் வீட்டு வாசல்வரை வழிந்து நிற்கிறது."

இதில் 'தங்களின் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்' என்ற பகுதி போய்விட்டது. கடிதம் அவர் கைக்குப் போனாலே கவனத்துக்குப் போனதுதான்.

முடிவில்தான் பலருக்கு மனசு வராது. அதே கடிதம் இப்படி முடிந்திருந்தது: "ஆகவே கருணையுள்ளம் கொண்ட தாங்கள் எங்கள் மீது இரக்கம் வைத்து, தயைகூர்ந்து தக்க நடவடிக்கை எடுத்து ஆவன செய்யுமாறு மிகவும் பணிவன்புடனும் தாழ்மையுடனும் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் உதவியை எங்கள் பகுதி மக்கள் என்றும் மறவோம். நன்றி, வணக்கம்."

கருணையும் இரக்கமும் இங்கே பொருந்தவே இல்லை. அடைப்பு எடுப்பது வாரியத்தின் வேலை, தானம் இல்லை. 'தக்க நடவடிக்கை', 'ஆவன' இரண்டும் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் நழுவுகின்றன. என்ன வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டால் பணிவுச் சொற்களுக்குத் தேவையே குறைந்துவிடும்.

சரி, எல்லாவற்றையும் வெட்டிவிடலாம் என்று குழுவில் இன்னொரு தம்பி கிளம்பினான். அவன் திருத்தியது: "எனவே உடனடியாக அடைப்பை நீக்கவும். உடைந்த மூடியை மாற்றவும்." இது கடிதமாக இல்லை, மேலதிகாரி கீழே அனுப்பும் குறிப்பாக இருக்கிறது. 'தாங்கள் நீக்க வேண்டும்' என்று மாற்றிப் பார்த்தான், அதிலும் அதட்டல் போகவில்லை. 'தாங்கள்' முன்னால் நின்றாலும் வினைமுற்று கட்டளையாக இருந்தால் மரியாதை நிற்காது. அலுவல் தமிழில் பணிவு பெரும்பாலும் 'செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்ற வினை அமைப்பில்தான் இருக்கிறது. அது இருந்தால் 'தாங்கள்' என்ற சொல்லே தேவையில்லை. நடுவில் ஓரிடத்தில் 'நீங்கள்', இன்னோரிடத்தில் 'தாங்கள்' என்று குழம்பும் பிரச்சினையும் தீர்ந்துவிடும். கடைசியில் நாங்கள் ஒத்துக்கொண்ட வடிவம்:

"எனவே, கழிவுநீர் அகற்றும் வாகனத்தை அனுப்பி அடைப்பை நீக்கவும், உடைந்த மூடியை மாற்றித் தரவும் ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி."

'நீக்கவும்', 'தரவும்' இங்கேயும் வருகின்றன, கவனித்தீர்களா? ஆனால் வாக்கியம் அவற்றோடு நிற்கவில்லை, 'கேட்டுக்கொள்கிறேன்' வரை போகிறது. அதனால் கட்டளையாகக் கேட்காது. 'பணிவுடன்' என்று ஒரு சொல் சேர்த்தே தீருவேன் என்றால் 'கேட்டுக்கொள்கிறேன்' என்பதற்கு முன்னால் ஒரு முறை சேர்த்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. என் விருப்பம், விடுப்பு விண்ணப்பம் போலச் சலுகை கேட்கும் கடிதத்தில் அதை வைத்துக்கொண்டு, புகார் கடிதத்தில் விட்டுவிடுவது.

இனி கையொப்பப் பகுதி. 'தங்கள் கீழ்ப்படிந்த', 'தங்கள் தாழ்மையுள்ள ஊழியன்' எல்லாம் வேண்டாம், பொதுமக்களில் ஒருவர் வாரியப் பொறியாளருக்கு ஊழியர் கிடையாது. 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்ற பாடநூல் வடிவத்தை மட்டும் தேர்வில் மாற்றாதீர்கள். இரண்டில் ஒன்று போதுமே என்று தோன்றும், எனக்கும் தோன்றுகிறது. ஆனால் திருத்துகிறவர் வடிவத்தைத் தேடும் இடம் அது. ஒரு வரி மிச்சம் பிடிக்கப் போய் மதிப்பெண்ணை விட வேண்டாம். தேர்வு முடிந்து நிஜமாகவே வாரியத்துக்கு எழுதும்போது 'இப்படிக்கு' என்று போட்டுக் கையெழுத்திட்டால் போதும்.

வெட்டி மிச்சமான இடத்தில் என்ன எழுதுவது? மேலே சொன்ன கடிதத்தில் ஆறேழு வரி கிடைத்தது. ஏற்கெனவே புகார் கொடுத்த நாள், புகார் எண், பக்கத்தில் பள்ளி இருப்பது, குடிநீரில் நாற்றம் வருகிறதா என்பது என்று நடுப்பத்தி நிரம்பியது. மாதிரித் தேர்வில் நேரம் போதவில்லை என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கே கடிதம் முடிந்தும் நேரம் மிஞ்சியது.

கடைசியாக ஒன்று. கேள்வியில் எந்தப் பெயரும் முகவரியும் கொடுத்திருக்கிறார்களோ அதையே அனுப்புநர் பகுதியிலும் கையொப்பத்திலும் எழுதுங்கள். எதுவும் கொடுக்காவிட்டால் அ.ஆ.இ. என்று போடுங்கள். கொருக்குப்பேட்டையில் நிஜமாகவே உங்கள் வீடு இருந்தாலும் சொந்தப் பெயரையும் கதவு எண்ணையும் விடைத்தாளில் எழுதக் கூடாது. அடையாளம் தெரியும்படி எழுதினால் விடைத்தாளே செல்லாமல் போகலாம்.