சேர்த்த ஆளுக்கு ஒரு நிழல்

எங்கள் ஸ்டூடியோவுக்கு அடிக்கடி வரும் வேலை, குரூப் போட்டோவில் இல்லாத ஒருவரைச் சேர்ப்பது. ஆளை வெட்டி வைப்பதைவிட அவருக்கு நிழல் விழவைப்பதில்தான் நேரம் போகும்.

ஒரு படத்தைச் சொல்கிறேன். வீட்டு முற்றம், காலை வெயில், ஒரே வரிசையில் குடும்பம். அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவில் வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் நிற்கவேண்டும். சூரியன் இடப்பக்கம் பின்னாலிருந்து அடிக்கிறது. எல்லார் நிழலும் முன்னால், சற்றே வலப்பக்கமாகச் சாய்கிறது. முகங்களில் நேர் வெயில் இல்லாததால், மரநிழலில் எடுத்த அண்ணனின் படம் பொருந்தியது.

வெயில் பின்னாலிருந்து வந்தால் கேமரா பார்க்கும் உருவமே ஏறக்குறைய நிழலின் உருவம். அதை ஃபோட்டோஷாப்பில் தலைகீழாகத் திருப்பி, Ctrl+T கொடுத்து, தம்பியின் நிழல் போகும் திசைக்கும் நீளத்துக்கும் இழுக்கலாம். பக்கவாட்டு வெயிலில் இது உதவாது. அங்கே தரையில் விழுவது ஆளின் பக்கவாட்டுத் தோற்றம்.

நிழலைக் கறுப்பு பூசிச் செய்யமாட்டேன். வெயில் மறைந்த இடத்திலும் வானத்தின் வெளிச்சம் விழுவதால் நிழலில் நீலம் தங்கும். இந்த முற்றத்தில் வெயில்பட்ட தரை சிவப்பு 196, பச்சை 178, நீலம் 156. தம்பியின் நிழலில் 84, 84, 88. கர்வ்ஸ் லேயரில் மூன்று நிறத்தையும் தனித்தனியே அந்த அளவுக்கு இறக்கி, நிழலின் உருவத்தை மாஸ்க்காகப் போட்டால் சிமெண்ட் தரையின் கீறல்கள் அப்படியே தெரியும். செருப்புக்கு அடியில் மட்டும் வானவெளிச்சமும் எட்டாது. அங்கே தனி லேயரில் ஒரு மெல்லிய அடர்த்தி வேண்டும். அது இல்லாவிட்டால் ஆள் மிதப்பார்.

சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலம். அதனால் நிழலின் ஓரம் காலடியில் கூர்மையாகவும், தலைப்பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுக்குக் கலங்கியும் இருக்கும். முழு நிழலுக்கும் ஒரே மங்கல் கொடுத்த படத்தை நான் உடனே கண்டுபிடித்துவிடுவேன்.

இதைவிட அதிகமாகக் கண்ணில் படுவது இரட்டை நிழல். அண்ணனின் நிழல் தம்பியின் நிழலைத் தொடும் இடம் இன்னும் கறுத்துப்போகிறது. வெயிலில் அப்படி நடக்காது. ஒருவர் மறைத்த சூரியனை இன்னொருவர் மறுபடி மறைக்க முடியாதே. ஆகவே தம்பியின் நிழலைத் தேர்ந்தெடுத்து, அதன் ஓரத்துக்கேற்ற ஃபெதர் கொடுத்து, அண்ணனின் மாஸ்க்கிலிருந்து கழித்துவிடுவேன். கழித்த பிறகு இரண்டு நிழலும் சேரும் இடத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று மிஞ்சும். 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, மாஸ்க்கில் மென்மையான வெள்ளை பிரஷ்ஷை அந்தக் கோட்டின்மேல் மட்டும் ஓட்டினால் இரண்டும் ஒரே நிழலாகிவிடும். பிரஷ் கொஞ்சம் தாண்டினாலும் அதே இடத்தில் கறுப்புக் கோடு வந்து நிற்கும் என்பதால், இந்த ஒரு வேலையை மட்டும் அவசரத்தில் யாரிடமும் ஒப்படைப்பதில்லை.