மாதிரித் தேர்வில் 163, நான் நம்பியது 151

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதுபவர்கள் மதிப்பெண்ணைச் சொல்வதில்லை, கேள்வியைத்தான் சொல்வார்கள். "எத்தனை போட்டீங்க?" என்றால் 200-இல் எத்தனை சரி என்று அர்த்தம். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், மொத்தம் 300. தமிழில் 100 கேள்வி, பொது அறிவில் 75, திறனறிவில் 25. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. நானும் இங்கே கேள்விக் கணக்கிலேயே பேசுகிறேன்.

2024 ஜனவரி கடைசியில் அறிவிப்பு வந்தது. 6,244 இடங்கள், ஜூன் 9-இல் தேர்வு. அப்போது நான் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டே படித்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக உட்காரலாமா என்பதுதான் வீட்டில் ஓடிய பேச்சு. அதற்குப் பதில் சொல்ல, ஜூனில் எனக்கு எத்தனை வரும் என்று ஓரளவு உண்மையாகத் தெரிய வேண்டியிருந்தது.

பயிற்சி வகுப்பின் வாரத் தேர்வுகளை இதற்கு எடுத்துக்கொள்ளவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை படித்த பாடத்தில் சனிக்கிழமை கேட்டால் யாருக்கும் 90 சதவீதம் வரும். அது அந்த வாரத்து ஞாபகத்தைத்தான் காட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாப் புத்தகமும் கலந்து வரும் தாளில் எவ்வளவு வரும் என்பது வேறு விஷயம். அதனால் 2022 ஜூலை 24-இல் நடந்த அசல் குரூப் 4 தாளை எடுத்து, ஒரு ஞாயிறு காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்து, ஓஎம்ஆர் நகலில் கருப்புப் பந்துமுனைப் பேனாவால் வட்டம் நிரப்பி, மூன்று மணி நேரத்தில் எழுதினேன். கைப்பேசிச் செயலியில் எழுதினால் வட்டம் நிரப்பும் நேரம் கணக்கிலேயே வராது. 200 வட்டத்துக்கு அது சின்ன நேரம் இல்லை. கடைசியில் அந்த நேரத்தை இழப்பது பெரும்பாலும் திறனறிவுக் கணக்குகள்தான்.

எழுதும்போதே ஒவ்வொரு கேள்வியின் ஓரத்திலும் ஒரு குறி போட்டேன். உறுதியாகத் தெரிந்தால் டிக். இரண்டு விடைகளை ஒதுக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால் ஒரு கோடு. ஒன்றுமே தெரியாமல் போட்டால் சுழி. இவை தவிர இன்னொரு குறியும் உண்டு. இந்தக் கேள்வியை வழிகாட்டி நூலிலோ வகுப்பிலோ ஏற்கெனவே பார்த்திருக்கிறேன் என்று தோன்றினால் பக்கத்தில் ஒரு புள்ளி. பழைய தாளை வைத்து எதிர்காலத்தைக் கணிப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தப் புள்ளியைத்தான். பழைய தாள்களின் கேள்விகள் எல்லா நூல்களிலும் கலந்து கிடக்கின்றன. தாளை முழுசாகப் பார்த்ததே இல்லை என்றாலும் அதில் ஐந்தில் ஒரு பங்கு நமக்கு முன்பே அறிமுகமாகியிருக்கும்.

விடைக்குறிப்போடு ஒப்பிட்டதில் 163 வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்கும் வேலை இருந்தது.

புள்ளி வைத்தவை 40. அதில் 38 சரி. அவற்றைத் தூக்கிவிட்டால் மீதி 160 கேள்வியில் 125 சரி. அந்த 160-ஐ வகை பிரித்தேன். டிக் போட்டவை 98, அதில் 93 சரி, அதாவது நூற்றுக்கு 95. கோடு போட்டவை 38, அதில் 22 சரி, நூற்றுக்கு 58. சுழி போட்டவை 24, அதில் 10 சரி. இந்தக் கடைசி எண்தான் இடித்தது. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் நான்கில் ஒன்று சரியாகும். 24-க்கு 6 வரவேண்டிய இடத்தில் எனக்கு 10 வந்திருக்கிறது. கூடுதலாக வந்த நான்கும் அதிர்ஷ்டம். அடுத்த முறை அது கூடவே வரும் என்று சொல்ல முடியாது.

ஆகவே 93, 22, 6 மூன்றையும் கூட்டினால் 121. இது 160 கேள்விக்கு. 200-க்கு மாற்ற ஒன்றேகாலால் பெருக்கினால் 151. உண்மைத் தேர்விலும் பழைய கேள்விகள் சில திரும்ப வரலாம். ஆனால் 40 வராது, அதனால் அதற்கென்று எதையும் சேர்க்கவில்லை. 163-க்கும் 151-க்கும் இடையே 12 கேள்வி, 18 மதிப்பெண். குரூப் 4-இல் ஒரே மதிப்பெண்ணில் எத்தனை பேர் குவிந்து நிற்பார்கள் என்று தெரிந்தவர்களுக்கு 18 மதிப்பெண் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், 151 என்பதும் ஒற்றை எண்ணாக வந்து நிற்காது. இதே தயாரிப்போடு இதே மாதிரித் தாளைப் பலமுறை எழுதினால் சில தடவை 147, சில தடவை 156 என்று ஆடும். எவ்வளவு ஆடும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. மாவட்ட நூலகத்தில் என்னோடு படிக்கும் புள்ளியியல் பட்டதாரி அண்ணன் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு வகையிலும் கேள்வி எண்ணிக்கையை, சரியாகும் வாய்ப்பாலும் தவறாகும் வாய்ப்பாலும் பெருக்க வேண்டும். 200 கேள்விக்கு விரித்தால் என்னிடம் டிக் 122 அளவில், கோடு 48 அளவில், சுழி 30. டிக்கில் 122 × 0.95 × 0.05, ஏறக்குறைய 6. கோட்டில் 48 × 0.58 × 0.42, ஏறக்குறைய 12. சுழியில் 30 × 0.25 × 0.75, ஏறக்குறைய 6. மொத்தம் 24, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 5. மூன்றில் இரண்டு தடவை 151-க்கு 5 மேலே கீழேக்குள் விழும். இருபதில் பத்தொன்பது தடவை 10 மேலே கீழேக்குள்.

"பாப்பா, இது உன் கைக்குள்ள இருக்கற ஆட்டம் மட்டும்தான். தாள் கஷ்டமா வந்தா இந்தக் கணக்கே இடம் மாறும்," என்றார் அவர். அது உண்மை. ஆனால் தாள் கடினமானால் எல்லோருக்கும் குறையும், கட்ஆஃபும் கூடவே இறங்கும். கட்ஆஃபைத் தனியாக அசைப்பது காலியிட எண்ணிக்கை. 2022 அறிவிப்பில் 7,301 இடங்கள் இருந்தன, பிறகு கூட்டிக் கூட்டிப் பத்தாயிரத்தைத் தாண்டியது. இப்படிக் கூட்டினால் கட்ஆஃப் இறங்கும். ஆனால் கூட்டுவார்கள் என்று நம்பி இலக்கைக் குறைத்து வைப்பது பாதுகாப்பான கணக்கு ஆகாது.

என் பிரிவுக்கு, தட்டச்சுச் சான்றிதழ் இல்லாத எனக்கு, இளநிலை உதவியாளர் பணிக்குக் கட்ஆஃப் 160 என்று வைத்துக்கொண்டேன். தட்டச்சர் பணிக்குத் தகுதி உள்ளவர்கள் இந்தக் கட்ஆஃபைத் தனியாக வைக்க வேண்டும், அங்கே போட்டியாளர்களே வேறு. 160 வேண்டுமென்றால் 160-ஐ இலக்காக வைக்கக் கூடாது. சராசரி 160-இல் இருந்தால் பாதித் தடவை அதற்குக் கீழே போகும். 165-க்கு மேல் சராசரி இருந்தால் ஆறில் ஐந்து தடவை 160-ஐத் தாண்டும். 170 என்றால் ஏறக்குறைய எப்போதும். மீதியிருந்த நான்கு மாதத்தில் 19 கேள்வி ஏற்றுவது எனக்கு நடக்காது என்று தோன்றியது, 166 என்று வைத்தேன். 15 கேள்வி ஏற வேண்டும்.

எங்கிருந்து ஏற்றுவது என்பதையும் அந்தக் குறிகளே சொன்னன. கோடு டிக் ஆனால் ஒரு கேள்விக்கு 0.37 லாபம். சுழி கோடானால் 0.33. சுழி நேராக டிக் ஆனால் 0.70. தமிழில் நூலும் ஆசிரியரும், அடைமொழிகள், இலக்கணக் குறிப்பு ஆகியவற்றில்தான் எனக்குக் கோடுகள் அதிகம். அங்கே 20 கோட்டை டிக் ஆக்கினால் 7 சொச்சம். திறனறிவில் நேரம் போதாமல் சுழி போட்ட ஆறைச் சரிசெய்தால் 4. பொது அறிவில் 10 சுழியைக் கோடாக்கினால் 3 சொச்சம். மூன்றும் சேர்த்து 15. ஒரு மாதத்தில் முடியும் கதையில்லை என்றாலும் நான்கு மாதத்துக்கு அளவான வேலை. திறனறிவுக்குச் செய்தது இதுதான்: தனிவட்டி, கூட்டுவட்டி, வேலையும் நேரமும், பரப்பளவு ஆகிய கணக்குகளைத் தாளின் முதல் பாதியிலேயே முடித்துவிடும்படி வரிசையை மாற்றிப் பழகினேன்.

மே மாதம் வேறு ஊர் வகுப்பொன்றின் முழுத் தாளை வாங்கி அதே முறையில் எழுதினேன். அவர்கள் குறிப்புகளை நான் படித்ததே இல்லை, அதனால் புள்ளி அதிகம் விழவில்லை. டிக் 134, கோடு 44, சுழி 22. டிக்கின் 95 சதவீதமும் கோட்டின் 58 சதவீதமும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. இந்த இரண்டும் மாறாமல் இருந்தால்தான் முறையை நம்பலாம். டிக்கின் சதவீதம் 88-க்கு இறங்கியிருந்தால், நான் தெரிந்ததாக நினைத்துக்கொள்வது கூடிவிட்டது என்று அர்த்தமாகியிருக்கும். கணித்த எண் 158. இலக்கான 166-க்கு 8 குறைவு.

158 சராசரியென்றால் 160-ஐத் தாண்டும் வாய்ப்பு பாதிக்கும் கீழே. அன்று இரவு அம்மாவிடம், "வேலையை விடலம்மா, குரூப் 2-க்கும் சேர்த்தே படிக்கிறேன்" என்றேன். அந்த முதல்நிலைத் தேர்வு செப்டம்பரில் இருந்தது.

ஜூன் 9 அன்று வினாத்தொகுப்பில் குறி போட அனுமதி இல்லை. அதனால் வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, அங்கே எப்படி விடை போட்டேன் என்பதை நினைவிலிருந்து குறித்தேன். டிக் 131, கோடு 48, சுழி 21. தற்காலிக விடைக்குறிப்பு வந்த பிறகு பார்த்தால் 125, 28, 8. மொத்தம் 161. தற்காலிகக் குறிப்பில் ஆட்சேபணைக்குப் பிறகு ஓரிரு கேள்வி மாறுவது வழக்கம், அதனால் அக்டோபரில் முடிவு வரும்வரை 159 முதல் 163 வரை என்றே மனதில் வைத்திருந்தேன். வந்தது 241.5, அதே 161. நான் வைத்த கட்ஆஃபை ஒரு கேள்வியில் தாண்டினேன், ஆனால் என் பிரிவில் உண்மையான கட்ஆஃப் அதற்கும் மேலே நின்றது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வரவில்லை.

என் மதிப்பெண்ணை 3 கேள்விக்குள் கணித்திருந்தேன், கட்ஆஃபை அப்படிக் கணிக்க முடியவில்லை. குரூப் 2-க்கு இதே குறிகளைத்தான் போட்டேன். அங்கே கூற்றுகளைக் கொடுத்து எவை சரி என்று கேட்பது அதிகம், எனக்குக் கோடுகள் 48-லிருந்து 70-க்குப் போயின. அதனால் ஆட்டத்தை 5-க்குப் பதில் 6 என்று வைத்தேன். கட்ஆஃபுக்கு என்று தனியாக 5 கேள்வி மேலே ஏற்றி, இலக்கை அந்த இரண்டுக்கும் சேர்த்து எழுதி மேசை மேல் ஒட்டினேன்.