பத்தடிக்கு 6 மில்லிமீட்டர்: என் ரசமட்டத்தைத் திருப்பி வைத்துப் பார்த்த கதை

கூடத்துச் சுவரில் பத்தடி நீளத்துக்குப் புத்தக அலமாரி அடிக்கிறேன் என்று போன மாதம் சொல்லியிருந்தேன். கீழ்த்தட்டுக்கான கோட்டைப் போட்டு, ஆறு தாங்கியையும் திருகி முடித்த பிறகுதான் வலதுபக்கம் தாழ்ந்திருப்பது கண்ணில் பட்டது. கோடு போட்டபோது ஒவ்வொரு இடத்திலும் என் இரண்டடி ரசமட்டத்தின் குமிழி நடுவில்தான் நின்றது. நம்ப முடியாமல் மட்டக்குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் பார்த்தேன். சரியாக 6 மி.மீ. வித்தியாசம்.

மாடியில் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனார் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, ரசமட்டத்தைத் திருப்பி வச்சுப் பாத்தீங்களா?" பார்க்கவில்லை. வாங்கி நாலு மாதமாகிறது, ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரியே சமையல் மேடையில் உட்கார்ந்துவிட்டேன். இதற்கு மட்டமான தளம் வேண்டியதில்லை. வளையாத தளமாக இருந்தால் போதும். நேரான பலகை ஒன்றைக் கிரானைட் மேல் வைத்து, ஒரு முனையின் அடியில் காகிதம் மடித்துச் செருகி, குமிழி நடுவில் நிற்கும்வரை தூக்கினேன். ரசமட்டத்தின் இரண்டு முனையிலும் பலகையில் பென்சில் கோடு. அப்புறம் இடது முனை வலதுபக்கம் வரும்படி அதைத் திருப்பி, அதே கோடுகளுக்குள் வைத்தேன். குமிழி வலதுபக்கக் கோட்டைத் தாண்டி ஓடிவிட்டது. நல்ல ரசமட்டம் என்றால் திருப்பி வைத்தாலும் நடுவிலேயே நின்றிருக்கும்.

எவ்வளவு பிசகு என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. பைக் வால்வுக்கு வாங்கி வைத்திருந்த ஃபீலர் கேஜ் தகடுகளை, குமிழி ஓடிய பக்கத்துக்கு எதிர் முனையில் ஒவ்வொன்றாக அடுக்கிச் செருகினேன். மொத்தம் 2.4 மி.மீ. ஆனதும் குமிழி நடுவுக்கு வந்தது. இதில் பாதிதான் ரசமட்டத்தின் குற்றம். திருப்பும்போது பிசகு இரண்டு பக்கமும் சேர்ந்து இரட்டிப்பாகத் தெரியும். ஆக, இரண்டடிக்கு 1.2 மி.மீ. பத்தடிச் சுவரில் ஐந்து தடவை நகர்த்தி வைத்தேன், ஐந்து தடவையும் ஒரே முகமாக. ஐந்தை 1.2-ஆல் பெருக்கினால் 6. மட்டக்குழாய் காட்டியதும் அதேதான்! அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. ஒவ்வொரு தடவையும் முனையை மாற்றி மாற்றி வைத்திருந்தால் பிசகு ஒன்றையொன்று தின்றிருக்கும், கடைசியில் 1.2 மி.மீ.தான் மிஞ்சியிருக்கும்.

திருத்தம்தான் பாடாய்ப் படுத்தியது. என்னுடையதில் குமிழிக் குழாய் இரண்டு திருகில் நிற்கிறது (பசை போட்டு ஒட்டியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, கடையில் வாங்கும்போதே பாருங்கள்). திருப்பி வைத்த நிலையில் குமிழியை முழுக்க நடுவுக்குக் கொண்டுவந்தேன். தப்பு. மறுபடி திருப்பினால் அதே பிசகு எதிர்ப்பக்கம். ஓடிய தூரத்தில் பாதிதான் திருகால் இழுக்க வேண்டும். மீதிப் பாதி பலகையின் சாய்வு, அதைக் காகிதத்தால்தான் சரிசெய்ய வேண்டும். பாதி இழுத்தும் நிற்கவில்லை, ஏனென்றால் திருகைக் கடைசியாக முறுக்கும்போது குழாய் கூடவே ஒரு மயிரிழை சுழல்கிறது. ஐந்தாவது முயற்சியில், அந்தச் சுழற்சிக்கு இடம்விட்டு முன்கூட்டியே கொஞ்சம் குறைத்து நிறுத்தினேன். இப்போது திருப்பி வைத்தால் 0.1 தகடு போதும்.

வெயிலில் கிடந்த ரசமட்டத்தை வைத்து இதைச் செய்யாதீர்கள். நம்மூர் மத்தியானச் சூட்டில் உள்ளேயிருக்கும் திரவம் விரிந்து குமிழி சின்னதாகிவிடுகிறது. குமிழியிலிருந்து இரண்டு கோட்டுக்கும் உள்ள இடைவெளியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். கண்ணும் நேர் மேலே இருக்க வேண்டும்.

செங்குத்து பார்க்கும் குமிழியைத் தூக்குக்குண்டு நூலோடு ஒப்பிட்டேன், பரவாயில்லை. மூலைமட்டத்தையும் விடவில்லை. பலகையின் நேர் ஓரத்தில் சேர்த்து ஒரு கோடு, புரட்டிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. 20 செ.மீ. உயரத்தில் இரண்டு கோட்டுக்கும் நடுவே 1 மி.மீ., அதாவது பிசகு அரை. அலமாரிக்கு அது போதும், பெட்டி செய்யப் போதாது. டேப்பின் கொக்கி ஆடுகிறதே என்று நசுக்கி இறுக்கிவிடாதீர்கள். உள்ளளவுக்கும் வெளியளவுக்கும் கொக்கியின் கனத்தை ஈடுகட்டவே அந்த ஆட்டம்.

அடுத்து நாலடி ரசமட்டம் ஒன்று வாங்க ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குப் போகிறேன். கடை மேசையிலேயே திருப்பி வைத்துப் பார்க்க விடுவார்களா என்று கேட்டுவிட்டுத்தான் காசு கொடுப்பேன். தாங்கிகளில் நாலை இன்னும் கழற்றவில்லை. பழைய துளைக்கு 6 மி.மீ. தள்ளிப் புதுத் துளை போட்டால் பூச்சு உடைந்து இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் தாங்கிகளை இரண்டு அங்குலம் பக்கவாட்டில் நகர்த்திவிடலாம் என்று அண்ணன் சொன்னார்.