பிளேலிஸ்ட் இடம் மாறும்போது

பாட்டு ஆப்பை மாற்றுபவர்களுக்கு ஒரு விஷயம். TuneMyMusic, Soundiiz மாதிரி தளங்கள் பிளேலிஸ்ட்டை மாற்றித் தரும், சரி. ஆனால் அவை பாட்டைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. பாட்டின் பெயர், பாடகர், ஆல்பம் போன்ற விவரங்களை வைத்துப் புதிய ஆப்பில் தேடி, பொருந்துவதைச் சேர்க்கின்றன.

கிடைக்காத பாட்டு பிரச்சினையே இல்லை, கடைசியில் அதைத் தனியாகக் காட்டிவிடும். தொல்லை தருவது தப்பாகக் கிடைத்த பாட்டுதான். எண்ணிக்கை சரியாக இருக்கும், போட்டுக் கேட்டால் வேறு யாரோ பாடுவார்கள்! என் பட்டியலில் 4:52 ஓடும் பாட்டு 6:10 ஆகியிருந்தது. அது மேடைக் கச்சேரிப் பதிவு. அதனால் இரண்டு ஆப்பையும் பக்கத்தில் வைத்து நேரத்தை ஒப்பிடுங்கள். கரோக்கி மாதிரிப் பதிவுகள் இதில் தப்பிக்கும், நீளம் ஏறக்குறைய அதேதான். அதற்கு ஆல்பம் பெயரைப் பார்க்க வேண்டும்.

போனிலிருந்து நீங்களே ஏற்றிய கோப்புகள் பெரும்பாலும் வராது. பிடித்த பாட்டுகளைச் சேர்த்த பழைய தேதிகளும் போய்விடும். எல்லாமே இன்று சேர்த்ததாகக் காட்டும். வருஷவாரியாகக் கேட்கிற என்னைப் போன்றவர்களுக்கு இதுதான் வயிற்றெரிச்சல்.

சரிபார்த்து முடிக்கும்வரை பழைய கணக்கை அழிக்காதீர்கள். சந்தாவையும் அதற்குப் பிறகே நிறுத்துங்கள். அப்புறம் பட்டியலை ஒரு CSV கோப்பாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.