களை எடுத்தவளுக்குச் சோர்வு வராதா?

மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க பி.ஹெச்.க்யூ-9 என்று ஒன்பது கேள்விகள் உண்டு. 2001-இல் வெளிவந்தது. கடந்த இரண்டு வாரங்களில் இந்தத் தொந்தரவு எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவோம். மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில், படிக்கத் தெரியாதவர்களுக்கும் வாசித்துக் காட்டிக் கேட்கும்படி, பேச்சுக்குப் பக்கத்தில் உள்ள தமிழில் அதை எழுதும் வேலை எங்களுக்கு வந்தது. எங்களை அதிக நாள் உட்காரவைத்தது இரண்டாவது கேள்விதான்.

மூலத்தில் அங்கே மூன்று சொற்கள்: டவுன், டிப்ரஸ்டு, ஹோப்லெஸ். இரண்டு பேர் தனித்தனியாக மொழிபெயர்த்து, அப்புறம் கூடிப் பேசி, "சோகமாக, மனச்சோர்வாக அல்லது நம்பிக்கை இல்லாமல் இருந்தீர்களா?" என்று முடித்தோம். மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். வார்த்தைக்கு வார்த்தை பொருந்தி வந்தது. எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் அவரும் உளவியல் படித்தவர். மனச்சோர்வு என்றதும் பாடப்புத்தகத்தில் இருக்கும் டிப்ரஷன்தான் அவருக்கு நினைவில் வரும். கிராமத்தில் அந்தச் சொல் எப்படிக் காதில் விழும் என்பதை அந்தப் பொருத்தம் காட்டவே இல்லை.

உசிலம்பட்டி பக்கம் ஒரு ஊரில் சோதித்துப் பார்த்தோம். பதிலை மட்டும் குறிக்காமல், "நான் கேட்டதை உங்க வார்த்தையில சொல்லுங்க", "எதை நெனச்சு அப்படிச் சொன்னீங்க?" என்றும் கேட்பது இந்தச் சோதனையின் முறை. திண்ணையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஒரு அப்பத்தாவிடம் இரண்டாவது கேள்வியை வாசித்தேன்.

"சோர்வு இல்லாம எப்பிடித்தா இருக்கும்? பொழுதன்னைக்கும் குனிஞ்சு களை எடுத்தா இடுப்பு கழண்டு போகாதா?"

"எத்தனை நாள் அப்பிடி இருந்துச்சு அப்பத்தா?"

"தெனமுந்தான்."

மூன்று மதிப்பெண். நாலாவது கேள்வி உடல் அசதியைப் பற்றியது. அதை வாசித்ததும் கையில் இருந்த பூண்டை முறத்தில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அதத்தானத்தா இப்பச் சொன்னேன்?"

'மன' என்ற முன்பாதி அவர் காதில் விழவே இல்லை. முதல் இரண்டு கேள்விகளை மட்டும் வைத்து முதற்கட்டமாகச் சலித்துப் பார்ப்பதும் வழக்கம். இரண்டும் சேர்ந்து 3 வந்தாலே முழுப் படிவத்துக்கும் போக வேண்டும். அப்படிப் பார்த்தால், இடுப்பு வலிக்கும் அப்பத்தா இந்த ஒரு சொல்லாலேயே மனச்சோர்வுச் சந்தேகத்தில் வந்துவிடுவார்.

இதே கேள்வியின் கடைசிச் சொல் நேர்மாறாக இழுத்தது. கணவரை இழந்து சில மாதமே ஆன ஒரு அக்கா, நம்பிக்கை என்றதும், "சாமி மேல நம்பிக்கை இருக்கு தம்பி, அது இல்லாமலா?" என்று எங்கள் குழுப் பையனிடம் சொல்லி, பூஜ்யம் வாங்கினார். இனி என்ன இருக்கிறது என்று நாளெல்லாம் படுத்தே கிடந்தவர் அவர். தமிழில் நம்பிக்கை சாமிக்கும் உண்டு, கடன் கொடுத்தவருக்கும் உண்டு. அது தனக்கு இல்லை என்று முன்பின் தெரியாதவர்களிடம் யார் சொல்வார்கள்?

சரி, வேறு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினோம். 'கவலை' எல்லோர் வாயிலும் வந்தது. ஆனால் அது துக்கத்தையும் குறிக்கும், நாளைக்கு என்ன ஆகுமோ என்ற யோசனையையும் குறிக்கும். கூடவே பதட்டத்துக்கான ஜி.ஏ.டி-7 படிவத்தையும் கேட்கப்போகிறோம். அதற்குக் கவலை தேவை என்பதால் இங்கே விட்டுவிட்டேன். அடிக்கடி வந்த இன்னும் இரண்டு: "மனசு சரியில்ல", "மனசு விட்டுப்போச்சு". இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஹோப்லெஸ் என்பதன் பாரம் அதில்தான் இருந்தது.

கடைசியில், "மனசு சரியில்லாமல், மனசு விட்டுப்போய், இனிமேல் எதுவும் சரியாகாது என்று தோன்றியதா?" என்று வந்தது. மூலத்தைவிட நீளம்தான். 'மனசு சரியில்லை' வீட்டுச் சண்டைக்கும் சொல்லும் சொல், ரொம்ப லேசு என்று ஒருவர் ஆட்சேபித்தார். நியாயம்தான். ஆனால் சண்டையின் வருத்தம் ஒரு நாள் இரண்டு நாளில் போய்விடும். பாதி நாட்களுக்கு மேல் இருந்ததா என்று கேட்கும்போது பெரும்பாலும் அது பிரிந்துவிடும். ஒன்பது கேள்விக்கும் சேர்த்து 10 மதிப்பெண் வந்தால் மனச்சோர்வு இருக்கலாம் என்ற வழக்கமான எல்லைக்கோடு இந்தத் தமிழ் வடிவத்துக்கும் பொருந்துமா என்பதை மட்டும், மருத்துவர் நேரில் பேசிக் கண்டதோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

இரண்டாம் சுற்றில் ஒரு தவறு நடந்தது. கேட்கப் போன பெண் ஒருவர், மரியாதையாக இருக்கட்டும் என்று 'மனசு' என்பதை 'மனநிலை' என்று மாற்றி வாசித்துவிட்டார். "மனநிலை சரியில்லாம இருந்தீங்களாய்யா?" எதிரே இருந்த பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "என்னையப் பைத்தியம்ங்கிறியா?" அன்று அந்தத் தெருவில் வேறு யாரும் எங்களிடம் பேசவில்லை. இப்போது படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கீழே, 'மனநிலை என்று வாசிக்கக் கூடாது' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம்.