ஆங்கிலத்தில் கவலையைச் சொன்னால் ஏன் குற்றச்சாட்டாகக் கேட்கிறது?

தமிழில் கவலையோடு கேட்கும்போது பாதி வேலையைச் செய்வது சொல்லின் வாலில் ஒட்டும் சின்ன ஒலி. "எங்க போயிட்டீங்களோன்னு நினைச்சேன்" என்பதில் வரும் 'ஓ' கேள்வியின் முனையை மழுக்கிவிடுகிறது. அதே ஆள் ஆங்கிலத்துக்குப் போனதும் அந்த 'ஓ' உதிர்ந்து, "வேர் டிட் யூ கோ?" என்ற விசாரணை மட்டும் மிஞ்சுகிறது. மனதில் இருப்பது மாறவில்லை. மென்மையைச் சுமந்த உறுப்புதான் காணாமல் போய்விட்டது.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். துணைவர் உடன் வேலை செய்பவர்களோடு வெளியே போகிறார். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர், எந்தத் தகவலும் இல்லாமல் பன்னிரண்டு மணிக்கு வருகிறார். மறுநாள் வந்த புகைப்படத்தில் ஒருவரோடு மட்டும் நெருக்கமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். ஆங்கிலம் கற்பவர் வாயில் முதலில் வருவது பெரும்பாலும் இப்படித்தான்:

"வொய் டிட்ன்ட் யூ கால் மீ? யூ ஆர் ஆல்வேஸ் டாக்கிங் டு ஹிம். யூ ஷுட் டெல் மீ. ஐ ஆம் வெரி பொசசிவ்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நான்குமே குத்துகின்றன.

"வொய் டிட்ன்ட் யூ" என்று தொடங்கினால், செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்ற தீர்ப்பு முன்கூட்டியே உள்ளே வந்துவிடுகிறது. "ஆல்வேஸ்" என்பதோடு 'இங்' சேர்ந்தால் ஆங்கிலத்தில் அது எரிச்சலைக் காட்டும் அமைப்பு. நாம் 'பேசிட்டே இருக்கீங்க' என்பதை அப்படியே மாற்றுவதால் இது தானாக வந்துவிடும். "ஷுட்" நம் 'சொல்லணும்'-க்கு நேரான சொல் போலத் தெரிந்தாலும், இந்த இடத்தில் கேட்பவர் காதில் அதட்டலாகவே விழும்.

நான்காவதுதான் உண்மையான பொறி. தமிழ்ப் பேச்சில் 'பொசசிவ்' என்றால் பாசம் கொஞ்சம் கூடிப்போன ஆள் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். வேறு நாட்டு ஆங்கிலக்காரர் காதில் அது 'நான் உன்னைக் கட்டுப்படுத்துபவன்' என்ற ஒப்புதல் வாக்குமூலம். 'டவுட்' என்ற சொல்லும் இப்படித்தான். ஏதோ கேட்க வேண்டும் என்ற பொருளில் "ஐ ஹாவ் எ டவுட் அபௌட் யூ" என்றால், 'உன் மேல் நம்பிக்கை இல்லை' என்றே போய்ச் சேரும்.

திருத்துவதற்கு முன் கவலையையும் பொறாமையையும் பிரியுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், தாமதத்தைப் பற்றிய கவலை வெறும் சாக்காகத் தெரியும். முதலில் கவலை:

"யூ செட் டென், அண்ட் அட் மிட்நைட் ஐ ஸ்டில் ஹாட்ன்ட் ஹர்ட் ஃப்ரம் யூ. ஐ காட் வொரீட். நெக்ஸ்ட் டைம், குட் யூ டெக்ஸ்ட் மீ இஃப் யூ ஆர் ரன்னிங் லேட்?"

முதல் வாக்கியத்தில் இருவரும் மறுக்க முடியாத விவரம் மட்டும். இரண்டாவதில் 'எனக்குக் கவலையா இருந்துச்சு'. தமிழில் உணர்வு நமக்கு வந்து சேர்வதாகவே சொல்வதால் இந்த அமைப்பு நமக்குப் பழக்கமானதுதான். மூன்றாவதில் ஒரே ஒரு சிறிய வேண்டுகோள். "ப்ளீஸ் டெல் மீ எவ்ரிடைம்" என்றால் 'ப்ளீஸ்' போட்டாலும் கட்டளைதான்.

பொறாமையை வேறொரு வேளையில்: "ஐ ஃபெல்ட் எ பிட் ஜெலஸ் வென் ஐ சா த ஃபோட்டோ. ஐ நோ யூ டிட்ன்ட் டூ எனிதிங் ராங்." இரண்டாவது வாக்கியத்தை உண்மையிலேயே நம்பினால் மட்டும் சொல்லுங்கள். "ஐ ட்ரஸ்ட் யூ, பட்" என்று தொடங்காதீர்கள்; 'பட்' தனக்கு முன்னால் வந்ததை அழித்துவிடும். "ஐ ஃபீல் லைக் யூ ஆர் ஹைடிங் சம்திங்" என்பதும் ஏமாற்று. 'ஐ ஃபீல்' என்ற சட்டைக்குள் ஒளிந்திருப்பது குற்றச்சாட்டு. ஃபீல் என்பதற்குப் பின்னால் வொரீட், ஜெலஸ், லெஃப்ட் அவுட் போன்ற உணர்வுச் சொல்லே வர வேண்டும். 'யூ' வந்தால் வாக்கியத்தை மாற்றுங்கள்.

வாக்கியத்தை மாற்றினால் தீராத இடமும் உண்டு. கேட்க நினைப்பது அவருடைய கைபேசியைப் பார்ப்பதோ, யாரோடு பேசலாம் என்று முடிவு செய்வதோ என்றால், எந்த மொழியில் எப்படிக் கேட்டாலும் அது கட்டுப்பாடுதான்.

சொன்னது எப்படி விழுந்தது என்பது பதிலின் முதல் சொற்களிலேயே தெரிந்துவிடும். "ஐ வாஸ் ஜஸ்ட்..." என்று அவர் விளக்கத் தொடங்கினால், அவர் காதில் குற்றச்சாட்டாக விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் புதிதாக ஆங்கிலம் யோசிக்க முடியாது; ஆகையால் ஒரு வாக்கியத்தை முன்பே மனப்பாடம் செய்து, சத்தமாகச் சொல்லிப் பழகி வைத்திருங்கள்: "சாரி, தட் கேம் அவுட் ராங். ஐ வாஸ் வொரீட், தட்ஸ் ஆல்."